கால் ஆப்ஷன், புட் ஆப்ஷன்: வாங்குபவர் எதைப் பெறுகிறார், விற்பவர் எதற்குக் கட்டுப்படுகிறார்

பங்கு வர்த்தகச் செயலியில் ஆப்ஷன் பக்கத்தை முதன்முதலாகத் திறப்பவருக்கு மூன்று பத்திகள் கொண்ட ஒரு நீண்ட எண் பட்டியல் தெரியும். நடுப்பத்தியில் சீரான இடைவெளியில் ஏறிச் செல்லும் விலைகள் இருக்கும்; அவற்றுக்கு இடப்பக்கம் கால் ஆப்ஷன்களின் விலையும் வலப்பக்கம் புட் ஆப்ஷன்களின் விலையும் இருக்கும். எந்த எண்ணைத் தொட்டாலும் வாங்கவும் முடியும், விற்கவும் முடியும். ஆகவே ஒரே வரியில் நான்கு வழிகள் திறந்திருக்கின்றன: கால் வாங்கலாம், கால் விற்கலாம், புட் வாங்கலாம், புட் விற்கலாம். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். விலை இறங்கும் என்று எண்ணுபவர் புட் வாங்கலாம், கால் விற்கவும் செய்யலாம் என்று கேள்விப்பட்டதும், இரண்டும் ஒன்றே என்று முடிவு செய்துவிடுகிறார்கள். உண்மையில் முன்னதில் ஒருவர் பணம் கொடுத்து ஓர் உரிமையைப் பெறுகிறார். பின்னதில் பணம் பெற்றுக்கொண்டு ஒரு கடமையை ஏற்கிறார். இரண்டிலும் இழக்கக்கூடிய தொகை ஒன்றுக்கொன்று சற்றும் ஒப்பாகாது.

இந்த நான்கு நிலைகளையும் ஒரே பங்கை வைத்து, ஒப்பந்தம் எழுதப்படும் நாளிலிருந்து காலாவதி நாள் வரை வரிசையாகப் பார்ப்போம். இந்தியாவின் தேசியப் பங்குச் சந்தையில் தனிப் பங்குகளின் மீது நடக்கும் ஆப்ஷன் வர்த்தகத்தையே எடுத்துக்கொள்கிறேன். காலாவதி நாளில் பங்குகளே கை மாறும் முறை அங்கு இருப்பதால், உரிமை எது, கடமை எது என்பது அங்கே கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். நிஃப்டி போன்ற குறியீட்டு ஆப்ஷன்கள் எங்கே வேறுபடுகின்றன என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

முதல் படி: ஒப்பந்தத்தின் பெயரைப் படித்தல்

நம் கணக்குக்கு ஒரு கற்பனைப் பங்கை வைத்துக்கொள்வோம். அதன் இன்றைய விலை ₹1,200. அதன் ஆப்ஷன் ஒப்பந்தம் ஒரு லாட்டுக்கு 500 பங்குகள் என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் இருக்கிறது. பட்டியலில் 1200 CE என்ற ஒப்பந்தம் ₹36-க்கும், 1200 PE என்ற ஒப்பந்தம் ₹30-க்கும் வியாபாரமாகின்றன.

இதில் 1200 என்பது ஸ்டிரைக் விலை, அதாவது இரு தரப்பும் இன்றே உறுதி செய்துகொள்ளும் விலை. CE என்பது கால், PE என்பது புட். இரண்டிலும் வரும் E என்ற எழுத்து ஐரோப்பிய வகை என்பதைக் குறிக்கிறது. அதற்கும் ஐரோப்பாவுக்கும் இன்று எந்தத் தொடர்பும் இல்லை. உரிமையைக் காலாவதி நாளில் மட்டுமே நிறைவேற்றிக்கொள்ள முடியும், அதற்கு முன் முடியாது என்பதே அதன் பொருள். ஆனால் ஒப்பந்தத்தையே வேறொருவருக்கு விற்றுவிட்டு வெளியேறுவதற்கு எந்த வர்த்தக நாளிலும் தடை இல்லை. இந்த இரண்டும் வெவ்வேறு செயல்கள் என்பதை இப்போதே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

₹36, ₹30 என்பவை பிரீமியம் எனப்படும் தொகைகள். இவை ஒரு பங்குக்கு உரியவை. கையிலிருந்து போகும் பணம் அதை 500-ஆல் பெருக்கிய தொகை. ஆகவே அந்தக் காலின் விலை ₹18,000, அந்தப் புட்டின் விலை ₹15,000. இந்தப் பெருக்கலை மறந்து, முப்பத்தாறு ரூபாய்தானே என்று நினைத்து ஆர்டர் இட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். அதைவிட முக்கியமான பெருக்கல் இன்னொன்று உண்டு: ஸ்டிரைக் விலையை லாட்டால் பெருக்கினால் 1,200 × 500 = ₹6,00,000. கையிலிருந்து போவது பதினெட்டாயிரமே ஆனாலும், எழுதப்பட்டிருக்கும் ஒப்பந்தம் ஆறு லட்சம் ரூபாய்க்கானது. எந்த ஆப்ஷனைத் தொடுவதற்கு முன்பும் இந்த இரண்டாவது எண்ணை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். காலாவதி நாளில் அந்த எண்தான் உங்கள் வாசலுக்கு வரும்.

காலாவதி நாள் தேசியப் பங்குச் சந்தையில் முன்பு மாதத்தின் கடைசி வியாழனாக இருந்தது; 2025 செப்டம்பர் முதல் கடைசிச் செவ்வாயாக மாறியிருக்கிறது. அன்று விடுமுறை என்றால் அதற்கு முந்தைய வர்த்தக நாள்.

இரண்டாம் படி: கால் வாங்குபவரின் இடம்

கால் ஆப்ஷனை வாங்குபவர், அந்தப் பங்கைக் காலாவதி நாளில் ₹1,200-க்கு வாங்கும் உரிமையைப் பெறுகிறார். நம் ஊர்ப் பேச்சில் இதற்கு நெருக்கமானது, நிலத்துக்குக் கொடுக்கும் அச்சாரம். ஒரு மனையை இன்ன விலைக்கு என்று பேசி, அச்சாரம் கொடுத்து, மூன்று மாத அவகாசம் வாங்கிக்கொள்கிறோம். அதற்குள் அந்தப் பக்கம் புறவழிச்சாலை வந்து மனையின் விலை ஏறினாலும், விற்பவர் பேசிய விலைக்கே கிரயம் செய்து கொடுக்க வேண்டும். கால் வாங்குவதும் இதைப் போன்றதே.

ஆனால் இந்த ஒப்புமை இரண்டு இடங்களில் உடைகிறது. அந்த இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் ஒப்புமையை மட்டும் பிடித்துக்கொள்வது ஆபத்தானது. நிலத்தின் அச்சாரம் கடைசியில் மொத்த விலையில் கழிக்கப்படும். பிரீமியம் எதிலும் கழிக்கப்படாது; அது உரிமைக்கான விலை, கொடுத்த கணமே விற்பவருக்குச் சொந்தமாகிவிடும். இரண்டாவதாக, அச்சாரம் கொடுத்தவர் பின்வாங்கினால் மற்றவர் அவரை வழக்குக்கு இழுக்கவும் கூடும். ஆப்ஷன் வாங்கியவருக்கு அந்தத் தொல்லை இல்லை. விலை ஏறவில்லை என்றால் உரிமை தானாகவே பயனற்றுப் போகும், கதை அத்தோடு முடியும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். காலாவதி அன்று பங்கு ₹1,300-இல் முடிகிறது என்று கொள்வோம். 1,300 பெறுமானமுள்ள பங்கை 1,200-க்கு வாங்கும் உரிமையின் மதிப்பு பங்குக்கு ₹100, லாட்டுக்கு ₹50,000. கொடுத்த ₹18,000-ஐக் கழித்தால் லாபம் ₹32,000. பங்கு ₹1,220-இல் முடிந்தால் உரிமையின் மதிப்பு ₹10,000. அதாவது பங்கு இருபது ரூபாய் ஏறியும் வாங்கியவருக்கு ₹8,000 நஷ்டம். ₹1,200-இலோ அதற்குக் கீழேயோ முடிந்தால், சந்தையிலேயே அதே விலைக்கோ அதற்குக் குறைவாகவோ கிடைக்கும் பங்கை வாங்க ஓர் உரிமை எதற்கு? மதிப்பு சுழியமாகிறது, ₹18,000-மும் போகிறது. பங்கு ₹700-க்கு விழுந்தாலும் இழப்பு அதே ₹18,000 தான்.

லாபமும் நஷ்டமும் இல்லாத புள்ளி 1,200 + 36 = ₹1,236. இந்த எண்ணைச் செயலி பெரிய எழுத்தில் காட்டாது. நாமே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். கால் வாங்குபவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, பங்கு ஏறுமா என்பதன்று. ஒரு மாதத்துக்குள் ₹1,236-ஐத் தாண்டுமா என்பதே.

மூன்றாம் படி: அதே காலை விற்பவரின் இடம்

மேலே சொன்ன ₹18,000 காற்றில் போவதில்லை. அந்த ஒப்பந்தத்தை எதிர்ப்புறத்தில் நின்று விற்ற ஒருவரின் கணக்கில் சேர்கிறது. கையில் ஒன்றும் இல்லாமலேயே எப்படி விற்க முடியும் என்பது புதியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. பங்கை விற்கப் பங்கு வேண்டும். ஆப்ஷனை விற்பது என்பது ஒரு வாக்குறுதியை எழுதிக் கொடுப்பது. அதற்கு வேண்டியது, வாக்கைக் காப்பாற்றுவார் என்பதற்கான ஜாமீன் தொகை மட்டுமே. இந்த ஜாமீனைத்தான் மார்ஜின் என்கிறோம்.

கால் விற்றவர் எழுதிக் கொடுத்த வாக்குறுதி இதுதான்: காலாவதி அன்று பங்கின் விலை எவ்வளவு ஏறியிருந்தாலும், 500 பங்குகளை ₹1,200 வீதம் கொடுப்பேன். பங்கு ₹1,200-க்குள் முடிந்தால் அவர் எதையும் கொடுக்க வேண்டியதில்லை, ₹18,000 முழுவதும் அவருக்கே. ₹1,220-இல் முடிந்தால் ₹10,000 போக ₹8,000 மிஞ்சும். ₹1,300-இல் முடிந்தால் ₹32,000 நஷ்டம். ஏதோ ஒரு பெரிய செய்தி வந்து ₹1,400-க்குப் போய்விட்டால் நஷ்டம் ₹82,000. பங்கின் விலைக்கு மேல் எல்லை என்று ஒன்று இல்லாததால், இந்த நஷ்டத்துக்கும் மேல் எல்லை இல்லை.

வாங்குபவரின் கணக்கையும் விற்பவரின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒருவருடைய லாபம் அப்படியே மற்றவருடைய நஷ்டமாக இருப்பது தெரியும். ஆனால் உருவம் வேறு. விற்பவர் பல மாதங்கள் சிறு தொகைகளைப் பெற்றுக்கொண்டே போவார். ஏதோ ஒரு மாதத்தில் அவை எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க நேரும். பத்து மாதம் தொடர்ந்து வந்த பணத்தை வருமானம் என்று நம்பி வீட்டுச் செலவைக் கூட்டிக்கொண்டவருக்குப் பதினோராம் மாதம் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

விற்பவரின் மார்ஜின் நிலையான தொகையும் அன்று. நம் எடுத்துக்காட்டுப் போன்ற ஒப்பந்தத்துக்கு லட்ச ரூபாய் அளவில் மார்ஜின் கேட்கப்படலாம். சரியான தொகையை ஆர்டர் இடும் திரையிலேயே புரோக்கரின் செயலி காட்டும். பங்கு அவருக்கு எதிராக ஏற ஏற அந்தத் தொகையும் ஏறும். கணக்கில் பணம் போதவில்லை என்றால், கூடுதல் தொகை செலுத்தும்படி அறிவிப்பு வரும். செலுத்தாவிட்டால் புரோக்கரே ஒப்பந்தத்தை அன்றைய விலைக்கு முடித்துவிடுவார். அந்த விலை பெரும்பாலும் விற்றவருக்கு மிகவும் பாதகமான விலையாகவே இருக்கும்.

அதே 500 பங்குகளை ஏற்கெனவே டீமேட் கணக்கில் வைத்திருப்பவர் கால் விற்றால் நிலைமை வேறு. பங்கு ஏறினால் தம்மிடம் உள்ளதையே கொடுத்துவிடலாம். பிரீமியத்தையும் சேர்த்தால் அவர் பங்கை ₹1,236 வீதம் விற்றதாக ஆகிறது. அவர் இழப்பது ₹1,236-க்கு மேலான ஏற்றத்தை மட்டுமே. விலை இறங்கினால் பங்கில் வரும் நஷ்டம் வழக்கம்போல் அவருடையது, பங்குக்கு ₹36 மட்டும் ஆறுதலாகக் கழியும். கால் விற்பதை ஒரு தொடக்கநிலையாளர் என்றாவது செய்து பார்க்க விரும்பினால், இந்த ஒரு முறையைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காம் படி: புட் வாங்குபவரும் விற்பவரும்

புட் ஆப்ஷனை வாங்குபவர், காலாவதி நாளில் 500 பங்குகளை ₹1,200 வீதம் விற்கும் உரிமையைப் பெறுகிறார். விற்கும் உரிமையை வாங்குவது என்ற சொற்றொடரே முதலில் குழப்பும். பங்கை வைத்திருக்கும் ஒருவரின் இடத்தில் நின்று பார்த்தால் குழப்பம் தீரும். அவரிடம் 500 பங்குகள் உள்ளன. மகளின் படிப்புக்காக அடுத்த மாதம் விற்க வேண்டும். அதற்குள் விலை சரிந்துவிடுமோ என்று கவலைப்படுகிறார். ₹15,000 கொடுத்து 1200 PE வாங்குகிறார். காலாவதி அன்று பங்கு ₹1,000-க்கு விழுந்திருந்தாலும் அவர் ₹1,200-க்கு விற்றுவிடலாம்; பிரீமியத்தைக் கழித்தால் பங்குக்கு ₹1,170 உறுதி. விலை ஏறிவிட்டால் புட்டைப் பொருட்படுத்தாமல், பங்கைச் சந்தையில் அதிக விலைக்கு விற்பார். ₹15,000 காப்பீட்டுக்குக் கட்டிய தொகையாகப் போகும்.

பங்கே இல்லாதவரும் புட் வாங்கலாம். பங்கு ₹1,100-இல் முடிந்தால் உரிமையின் மதிப்பு ₹50,000, லாபம் ₹35,000. ₹1,180-இல் முடிந்தால் மதிப்பு ₹10,000, ஆகவே ₹5,000 நஷ்டம். சமநிலைப் புள்ளி 1,200 − 30 = ₹1,170. ₹1,200-க்கு மேல் எங்கே முடிந்தாலும் நஷ்டம் ₹15,000, அதற்கு மேல் இல்லை.

புட் விற்றவர் ஏற்ற கடமை, விலை எவ்வளவு விழுந்தாலும் 500 பங்குகளை ₹1,200 வீதம் வாங்கிக்கொள்வது. பங்கின் விலை சுழியத்துக்குக் கீழே போகாது என்பதால் அவருடைய நஷ்டத்துக்கு ஓர் எல்லை உண்டு என்று சொல்வார்கள். அந்த எல்லை எது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: ஆறு லட்சத்தில் பெற்ற பதினைந்தாயிரம் போக ₹5,85,000.

இப்போது தொடக்கத்தில் சொன்ன ஒப்பீட்டுக்குத் திரும்பலாம். விலை இறங்கும் என்று நம்பும் இருவரில் ஒருவர் புட் வாங்கினார், மற்றவர் கால் விற்றார். அவர்கள் நம்பியதற்கு மாறாகப் பங்கு ₹1,400-க்குப் போனால், முதலாமவர் இழப்பது ₹15,000, இரண்டாமவர் இழப்பது ₹82,000. அவர்கள் நம்பியபடியே பங்கு ₹1,000-க்கு விழுந்தால், முதலாமவர் ₹85,000 பெறுவார், இரண்டாமவர் ₹18,000-க்கு மேல் ஒரு பைசாவும் பெறமாட்டார். பங்கு அசையாமல் ₹1,200-இலேயே கிடந்தால் மட்டும் காட்சி மாறுகிறது: புட் வாங்கியவர் முழுத் தொகையையும் இழக்கிறார், கால் விற்றவர் முழுத் தொகையையும் பெறுகிறார். எதுவும் நடக்காத மாதங்கள் விற்பவருக்கு உரியவை. ஆகவேதான் அவ்வளவு அபாயம் இருந்தும் விற்க ஆள் கிடைக்கிறது.

ஐந்தாம் படி: பிரீமியம் எதனால் ஆனது

இதுவரை காலாவதி நாளின் கணக்கை மட்டுமே பார்த்தோம். இடைப்பட்ட நாட்களில் பிரீமியம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை என் அக்கா மகனின் அனுபவம் நன்றாகக் காட்டும். நம் எடுத்துக்காட்டைப் போலவே ₹1,200-இல் இருந்த ஒரு பங்கில், காலாண்டு முடிவுகள் வெளிவருவதற்கு இரண்டு நாட்களுக்கு முன், 1240 CE ஒரு லாட்டை அவன் ₹22-க்கு வாங்கியிருந்தான். முடிவுகள் நன்றாக வந்தன, பங்கு ₹1,215-க்கு ஏறியது. அன்று காலை பத்து மணிக்குள் அவனிடமிருந்து அழைப்பு வந்தது.

“மாமா, நான் நெனச்ச மாதிரியே பங்கு ஏறிடுச்சு. ஆனா என் கால் பதினாலு ரூபாய்க்கு இறங்கியிருக்கே? ஆப்ல ஏதாவது கோளாறா?”

செயலியில் கோளாறு எதுவும் இல்லை. பிரீமியம் இரண்டு பகுதிகளால் ஆனது. இன்றைய விலையிலேயே உரிமையை நிறைவேற்றினால் கிடைக்கும் மதிப்பு ஒன்று. அதை உள்மதிப்பு எனலாம். மீதமுள்ள நாட்களில் பங்கு எங்கே போகுமோ என்ற எதிர்பார்ப்புக்குக் கொடுக்கும் விலை மற்றொன்று; அது காலமதிப்பு. 1,240-க்கு வாங்கும் உரிமைக்கு, பங்கு ₹1,200-இல் இருந்தபோதும் ₹1,215-இல் இருக்கும்போதும் உள்மதிப்பு எதுவும் கிடையாது. ஆகவே அவன் கொடுத்த ₹22 முழுவதுமே காலமதிப்பு. முடிவுகள் வருவதற்கு முன் பங்கு எந்தப் பக்கம் பாயுமோ என்ற பதற்றம் இருந்தது. அந்தப் பதற்றத்தைக் காப்பீடு செய்யும் விற்பவர்கள் அதிகம் கேட்டார்கள். முடிவுகள் வெளியானதும் பதற்றம் அடங்கியது, விலையும் அடங்கியது. பங்கின் பதினைந்து ரூபாய் ஏற்றத்தால் கிடைத்ததைவிட, எதிர்பார்ப்பு வடிந்ததால் போனது அதிகம். ₹11,000 கொடுத்து வாங்கியது ₹7,000 ஆகியிருந்தது.

காலமதிப்பு ஒவ்வொரு நாளும் கரையும், காலாவதி நாளில் சுழியமாகும். தொடக்கத்தில் மெதுவாகக் கரைந்து, ஸ்டிரைக் விலையை ஒட்டிய ஒப்பந்தங்களில் கடைசி வாரத்தில் மிக வேகமாகக் கரையும். கால் வாங்கினாலும் புட் வாங்கினாலும் இந்தக் கரைவு வாங்கியவருக்கு எதிரானது, விற்றவருக்குச் சாதகமானது. ஆகவே பட்டியலில் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் என்று மலிவாகத் தெரியும் ஒப்பந்தங்களைப் பார்க்கும்போது, பங்கு எவ்வளவு தூரம் போனால் அதற்கு உள்மதிப்பு வரும், அதற்கு எத்தனை நாட்கள் மிச்சம் என்ற இரண்டையும் கணக்கிட்டுப் பாருங்கள். அவை மலிவாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் உண்டு.

ஆறாம் படி: வெளியேறுதல், அல்லது காலாவதியைச் சந்தித்தல்

ஆப்ஷன் வாங்கியவருக்கு உரிமை மட்டுமே உண்டு, கடமை இல்லை என்பது எல்லா அறிமுகப் பாடங்களிலும் வரும் வரி. நானும் மேலே அவ்வாறே எழுதினேன். இந்தியாவில் தனிப் பங்கு ஆப்ஷனைக் காலாவதி வரை வைத்திருப்பவர் அந்த வரியை அப்படியே நம்பக் கூடாது. உள்மதிப்புள்ள ஒப்பந்தம் காலாவதி அன்று தானாகவே நிறைவேற்றப்படுகிறது. வாங்கியவரிடம் யாரும் விருப்பம் கேட்பதில்லை. அத்துடன், 2019-இலிருந்து எல்லாத் தனிப் பங்கு ஒப்பந்தங்களும் பங்குகளைக் கைமாற்றியே தீர்க்கப்படுகின்றன; விலை வித்தியாசத்தை மட்டும் பணமாகக் கொடுத்து முடிக்கும் பழைய வழக்கம் இப்போது இல்லை.

இதன் பொருள் என்னவென்று பாருங்கள். ₹18,000 கொடுத்து 1200 CE வாங்கியவர், பங்கு ₹1,205-இல் முடியும் நாளில் ஒப்பந்தத்தை விற்காமல் விட்டுவிட்டால், ₹6,00,000 செலுத்தி 500 பங்குகளைப் பெற்றுக்கொள்ள வேண்டியவர் ஆகிறார். 1200 PE வாங்கியவர், பங்கு ₹1,195-இல் முடியும் நாளில் அவ்வாறே விட்டுவிட்டால், 500 பங்குகளைத் தம் டீமேட் கணக்கிலிருந்து கொடுக்க வேண்டும். பங்கு கையில் இல்லாவிட்டால் சந்தை ஏல முறையில் வாங்கிக் கொடுக்கும். அதன் செலவும் அபராதமும் அவர் தலையில் விழும். விற்றவர்களுக்கும் இதே நிலைதான்: கால் விற்றவர் பங்கைக் கொடுக்க வேண்டும், புட் விற்றவர் ஆறு லட்சத்தைக் கொடுத்துப் பங்கை ஏற்க வேண்டும்.

இது நடக்கப்போகிறது என்பதற்கு முன்கூட்டியே அறிகுறிகள் தென்படும். காலாவதிக்கு நான்கு வர்த்தக நாட்கள் இருக்கும்போதிலிருந்து, உள்மதிப்புள்ள ஒப்பந்தத்தை வாங்கி வைத்திருப்பவரிடமும் மார்ஜின் கேட்கத் தொடங்குவார்கள், அது நாளுக்கு நாள் கூடும். பிரீமியம் முழுவதையும் அன்றே கட்டிவிட்டேனே, இப்போது எதற்கு மார்ஜின் என்று திகைக்கும் நிலை இதுவே. அந்த அறிவிப்பு வந்தால், பங்கை உண்மையாகவே வாங்கவோ கொடுக்கவோ தயாராக இல்லாதவர் அன்றே ஒப்பந்தத்தை விற்று வெளியேறிவிடுவது நல்லது. கடைசி நாள் பிற்பகல் வரை காத்திருந்தால், வாங்குவதற்கு ஆள் குறைந்து, கேட்கும் விலைக்கும் கிடைக்கும் விலைக்கும் இடையே பெரிய இடைவெளி விழுந்திருக்கும். புழக்கம் குறைந்த பங்குகளில் இந்த இடைவெளி எல்லா நாட்களிலுமே இருக்கும். ஆகவே மார்க்கெட் ஆர்டர் இடாமல், நீங்கள் ஏற்கும் விலையைக் குறிப்பிட்டு லிமிட் ஆர்டர் இடுங்கள்.

வெளியேறும் முறை எளிது. வாங்கியவர் அதே ஒப்பந்தத்தை விற்பார். விற்றவர் அதே ஒப்பந்தத்தை வாங்குவார். பெயரில் ஓர் எண் மாறினாலும், அதாவது 1200 CE-க்குப் பதில் 1220 CE-ஐ விற்றுவிட்டால், பழைய ஒப்பந்தம் அப்படியே இருக்க, புதிதாக ஒரு விற்பவரின் கடமையும் கணக்கில் ஏறிவிடும். பொசிஷன்கள் பக்கத்துக்குச் சென்று அங்கிருந்தே வெளியேறினால் இந்தத் தவறு நேராது. வெளியேறிய பின் அந்த வரியில் அளவு சுழியம் என்று காட்டுகிறதா என்பதையும் பாருங்கள்.

நிஃப்டி போன்ற குறியீட்டு ஆப்ஷன்களில் கைமாற்றுவதற்குப் பங்கு என்று எதுவும் இல்லாததால், காலாவதி அன்று வித்தியாசம் பணமாகவே தீர்க்கப்படும். ஆறு லட்சம் புரட்ட வேண்டிய தொல்லை அங்கு இல்லை. பிரீமியம் கரைவதும், விற்பவரின் மார்ஜினும், மேலே போட்ட லாப நஷ்டக் கணக்கும் அங்கும் மாறாமல் பொருந்தும்.

ஏழாம் படி: ஆர்டர் இடுவதற்கு முன் ஒரு தாள்

இதையெல்லாம் படித்தபின், உடனே பணம் போடாமல் ஒரு மாதம் தாளில் மட்டும் எழுதிப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு பங்கை எடுத்து, அதன் இன்றைய விலைக்கு அருகிலுள்ள ஒரு ஸ்டிரைக்கின் கால், புட் இரண்டின் பிரீமியத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். லாட் அளவு, ஒப்பந்தத்தின் முழு மதிப்பு, இரண்டு சமநிலைப் புள்ளிகள் ஆகியவற்றை எழுதுங்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பங்கின் விலையையும் இரண்டு பிரீமியங்களையும் பதிவு செய்யுங்கள். நான்கு வாரங்களில், பங்கு நகராமல் இருந்தும் இரண்டு பிரீமியங்களும் தேய்வதை உங்கள் கையெழுத்திலேயே காண்பீர்கள். காலாவதி அன்று நான்கு இடங்களுக்கும் லாப நஷ்டம் போட்டுப் பாருங்கள். ஒரே முடிவு விலையில் வாங்கியவர், விற்றவர் கணக்குகளைக் கூட்டினால் சுழியம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ கணக்குப் பிசகியிருக்கிறது.

உண்மையான வர்த்தகத்தில் அந்தக் கூட்டல் சுழியத்துக்குக் கீழேதான் வரும், ஏனெனில் இரு தரப்பிலிருந்தும் தரகும் பரிவர்த்தனை வரியும் கழிகின்றன. இந்தியப் பங்குகள் மற்றும் பரிவர்த்தனை வாரியமான செபி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளைக் கணக்கெடுத்து 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், பியூச்சர், ஆப்ஷன் பிரிவில் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நஷ்டமடைந்ததாகவும், அவர்களின் மொத்த இழப்பு ₹1.8 லட்சம் கோடிக்கு மேல் என்றும் கண்டது. உங்கள் தாளிலுள்ள எண்கள் உங்களுக்குச் சாதகமாக வரும் மாதத்திலும் இந்த எண்ணை அதன் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

என் அக்கா மகன் இப்போது அப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறான். அதன் முதல் பக்கத்தில் 1240 CE, ₹22, ₹14 என்ற மூன்று குறிப்புகளும், அவற்றுக்குக் கீழே, வாங்கும்போது அவன் கணக்கிடாமல் விட்ட சமநிலைப் புள்ளியான ₹1,262-உம் இருக்கின்றன.